காஸைன் சிமிலாரிட்டி எதை அளக்குது, எதை அளக்கறதில்ல: டாட் ப்ராடக்ட் வழியா ஒரு விளக்கம்

"ரெண்டு டாக்குமெண்டுக்கும் காஸைன் 0.9 வந்துருக்கு, அப்போ ரெண்டும் 90 சதவீதம் ஒரே விஷயம்தான்." தேடுபொறி, சாட்பாட், பரிந்துரை சிஸ்டம்னு எதப் பத்திப் பேசுனாலும் இந்த வாக்கியம் எங்கயாவது வந்துரும். கேக்க சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா இதுல ரெண்டு தப்பு இருக்கு. 0.9ங்கறது சதவீதம் இல்ல, காஸைனுக்கு "விஷயம்"னா என்னன்னே தெரியாது. டாக்குமெண்ட்ட எண் வரிசையா மாத்தித்தான் அதுக்குக் குடுக்கிறோம், அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ரெண்டு எண் வரிசையும் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்கறது மட்டும்தான்.

ஃபார்முலா ஒரே வரி, அத யாரும் மனப்பாடம் பண்ணிரலாம். ஆனா அந்த வரிக்குள்ள ஏன் அந்தப் பெருக்கல் இருக்கு, ஏன் அந்த வகுத்தல் இருக்குன்னு புரிஞ்சாதான் வர்ற எண்ண எந்த அளவுக்கு நம்பலாம்னு தெரியும். அதனால டாட் ப்ராடக்ட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கூடத்துல படிச்ச பெருக்கல், கூட்டல், வர்க்கமூலம் ஞாபகம் இருந்தா போதும்.

## ரெண்டு பேர் நடக்கிறாங்க

ஒரே இடத்துல இருந்து ரெண்டு பேர் கிளம்புறாங்கன்னு வச்சுக்கோங்க. முதல் ஆள் நேரா கிழக்க 2 கிலோமீட்டர் போறார். ரெண்டாவது ஆள் குறுக்க போறார், போய் நின்ன இடத்தப் பாத்தா கிளம்புன இடத்துல இருந்து கிழக்க 3, வடக்க 4 கிலோமீட்டர்ல இருக்கு.

முதல் ஆளோட நடைய (2, 0)ன்னும் ரெண்டாவது ஆளோட நடைய (3, 4)ன்னும் எழுதலாம், முதல் எண் எப்பவும் கிழக்கு, ரெண்டாவது எண் எப்பவும் வடக்கு. இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிலையான இடம் இருக்கிற வரிசைக்குப் பேர்தான் வெக்டர். எத்தன இடம் இருக்கோ அத்தன டைமென்ஷன்னு சொல்லுவாங்க, இங்க ரெண்டு.

ஒரு வெக்டருக்கு நீளம்னு ஒண்ணு உண்டு. ரெண்டாவது ஆள் நேர்க்கோட்டுல எவ்வளவு தூரம் போயிருக்கார்? பிதாகரஸ் தேற்றம்தான்: 3 வர்க்கம் 9, 4 வர்க்கம் 16, கூட்டுனா 25, வர்க்கமூலம் 5. முதல் ஆளோட நீளம் 2. நீளத்தக் குறிக்க வெக்டருக்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டு `|a|`ன்னு எழுதுவாங்க.

இப்போ கேள்வி: இவங்க ரெண்டு பேரும் எந்த அளவுக்கு ஒரே பக்கமா போறாங்க? யார் எவ்வளவு நடந்தாங்கங்கறது வேற கேள்வி. ஒருத்தர் சோர்ந்துபோய்ப் பாதியிலயே நின்னுருக்கலாம், ஆனா போன திசை அந்தத் திசைதான். இந்த ரெண்டு கேள்வியையும் பிரிச்சு வைக்கிறதுக்குத்தான் காஸைன் சிமிலாரிட்டியே இருக்கு.

## டாட் ப்ராடக்ட் என்ன பண்ணுது

டாட் ப்ராடக்ட்ங்கறது ரெண்டு வெக்டர எடுத்து, அதே இடத்துல இருக்கிற எண்கள ஜோடி ஜோடியா பெருக்கி, எல்லாத்தையும் கூட்டுறது. அவ்வளவுதான். (2, 0)க்கும் (3, 4)க்கும் போட்டா 2 × 3 = 6, 0 × 4 = 0, மொத்தம் 6.

இந்த 6 எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. முதல் ஆள் கிழக்க மட்டும்தான் போறார். ரெண்டாவது ஆள் 5 கிலோமீட்டர் நடந்தாலும் கிழக்குப் பக்கமா முன்னேறுனது 3 மட்டும்தான், வடக்க போன 4 முதல் ஆளோட திசைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அதனாலதான் அது 0ஆல பெருக்கப்பட்டு காணாம போச்சு. ஆக டாட் ப்ராடக்ட் = முதல் ஆளோட நீளம் (2) × ரெண்டாவது ஆள் அந்தத் திசையில முன்னேறுன அளவு (3).

மூணாவது ஒருத்தர் நேரா வடக்க 4 போனா அவர் (0, 4). முதல் ஆளோட டாட் ப்ராடக்ட் 0, ஏன்னா கிழக்க அவர் ஒரு அடிகூட போகல. நாலாவது ஒருத்தர் மேற்க 2 போனா (-2, 0), டாட் ப்ராடக்ட் -4, எதிர்ப்பக்கம் போறார்னு மைனஸ் காட்டிக் குடுக்குது. ஒரே பக்கம்னா ப்ளஸ், செங்குத்தா இருந்தா பூஜ்யம், எதிரா இருந்தா மைனஸ்.

இங்க ஒரு நியாயமான சந்தேகம் வரணும். முதல் ஆள நேரா கிழக்க அனுப்புனதால இது அழகா வந்துச்சு, அவரும் குறுக்க போனா? அப்போ ஜோடி ஜோடியா பெருக்கிக் கூட்டுனா அதே அர்த்தம் எப்படி வரும்? பல விளக்கங்கள் இந்த இடத்துல "நம்புங்க"ன்னு சொல்லிட்டு தாண்டிருது, ஆனா காரணம் ரொம்பக் கஷ்டம் இல்ல.

ரெண்டு பேரும் நின்ன இடங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்தப் பாருங்க. கிழக்குல வித்தியாசம் 1, வடக்குல வித்தியாசம் 4, தூரத்தோட வர்க்கம் 1 + 16 = 17. இவங்க நீளங்களோட வர்க்கம் 4, 25, கூட்டுனா 29. 29ல இருந்து 17 போனா 12. அது 6ஓட ரெண்டு மடங்கு, அதாவது டாட் ப்ராடக்ட்டோட ரெண்டு மடங்கு. இது தற்செயல் இல்ல, (x − y)² விரிச்சா வர்ற −2xy தான் அது, எந்த ரெண்டு வெக்டருக்கும் இப்படித்தான் வரும்:

```
|a − b|² = |a|² + |b|² − 2 (a·b)
```

இதுல டாட் ப்ராடக்ட்டத் தவிர மத்த மூணுமே வெறும் தூரம். வரைபடத்த எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் தூரம் மாறாது, அப்போ டாட் ப்ராடக்ட்டும் மாறாது. அதனால முதல் ஆள் எந்தத் திசையில போயிருந்தாலும் வரைபடத்த சுத்தி அவர் போன திசையவே "கிழக்கு"ன்னு வச்சுக்கலாம், மேல சொன்ன அர்த்தம் அப்படியே பொருந்திரும்.

இதுவரைக்கும் கையில இருக்கிறது இதுதான்: டாட் ப்ராடக்ட்டுக்குள்ள முதல் வெக்டரோட நீளமும், அந்தத் திசையில ரெண்டாவது வெக்டர் எவ்வளவு போச்சுங்கறதும் பெருக்கி வச்சிருக்கு. திசையும் நீளமும் ஒண்ணாக் கலந்து கெடக்கு.

## கலந்ததப் பிரிக்கிறது

ரெண்டாவது ஆள் நடந்த 5 கிலோமீட்டர்ல 3 கிலோமீட்டர் கிழக்க போச்சு. 3 / 5 = 0.6. முக்கோணவியல்ல இந்த விகிதத்துக்குத்தான் காஸைன்னு பேர்: செங்கோண முக்கோணத்துல கோணத்த ஒட்டி இருக்கிற பக்கத்த கர்ணத்தால வகுக்குறது. 0.6க்கு உண்டான கோணம் சுமார் 53 டிகிரி.

டாட் ப்ராடக்ட் 6 = 2 × 5 × 0.6. அப்போ திசை மட்டும் வேணும்னா ரெண்டு நீளத்தாலயும் வகுத்துட்டா போதும்:

```
cos θ = (a·b) / (|a| × |b|)
```

6 / (2 × 5) = 0.6. இதுதான் காஸைன் சிமிலாரிட்டி. ரெண்டும் ஒரே திசைன்னா 1, செங்குத்துன்னா 0, நேர் எதிர்னா -1.

டைமென்ஷன் 2ல இருந்து 300, 50,000ன்னு போகும்போது "300 டைமென்ஷன்ல கோணமா, அத எப்படிக் கற்பனை பண்றது"ன்னு நெறைய பேர் தயங்குவாங்க. கற்பனை பண்ணவே வேண்டாம். ஒரே புள்ளியில இருந்து கிளம்புற ரெண்டு அம்புகள் எத்தன டைமென்ஷன்ல இருந்தாலும் அந்த ரெண்டையும் ஒட்டி ஒரு தட்டையான தாள வைக்க முடியும். அந்தத் தாள் மேல இருக்கிற சாதாரணக் கோணம்தான் இது. டைமென்ஷன் கூடக்கூட பெருக்கல் எண்ணிக்கை கூடும், கோணத்தோட அர்த்தம் மாறாது.

## இப்போ டாக்குமெண்ட்டுக்கு வருவோம்

கிழக்கு, வடக்குக்கு பதிலா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு திசைன்னு வச்சுட்டா டாக்குமெண்ட்டும் வெக்டர் ஆயிரும். அந்த வார்த்தை எத்தன தடவ வந்துச்சோ அதுதான் அந்தத் திசையில போன தூரம். இந்த யோசனை ரொம்பப் பழசு, கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜெரார்ட் சால்டன் குழு 1960கள்லயே SMARTங்கற தேடல் சிஸ்டத்துல இத வச்சு வேல பாத்தாங்க, 1975ல வெக்டர் ஸ்பேஸ் மாடல்ங்கற பேர்லயே கட்டுரையும் வந்துச்சு.

கணக்கு கையாலயே போடுற அளவுக்கு மூணே மூணு வார்த்தை எடுத்துக்குவோம், மழை, வெள்ளம், பந்து, இந்த வரிசையில. மூணு டாக்குமெண்ட்:

A ஒரு குட்டி வானிலைச் செய்தி. மழை 2 தடவ, வெள்ளம் 1 தடவ, பந்து இல்ல. (2, 1, 0).

B கொஞ்சம் பெரிய வானிலை ரிப்போர்ட். (4, 3, 0).

C மழையால தடைபட்ட ஒரு மேட்ச் பத்தின நீளமான கட்டுரை. மழை 6 தடவ, பந்து 8 தடவ, வெள்ளம் இல்ல. (6, 0, 8).

Aவுக்குப் பக்கத்துல இருக்கிறது எது? படிச்சுப் பாக்கிற யாரும் B தான்னு சொல்லுவாங்க. முதல்ல வெறும் டாட் ப்ராடக்ட் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

A·B = 2×4 + 1×3 + 0×0 = 11
A·C = 2×6 + 1×0 + 0×8 = 12

C ஜெயிச்சுருச்சு! வானிலைச் செய்திக்கு மேட்ச் கட்டுரை தான் நெருக்கமாம். காரணம் C நீளமா இருக்கிறது, அதுல மழை 6 தடவ வந்ததால அந்த ஒரு பெருக்கலே 12 ஆயிருச்சு. இன்னும் ஒண்ணு பாருங்க, Aவ அதோட கூடவே டாட் ப்ராடக்ட் போட்டா 2×2 + 1×1 = 5 தான் வருது. அதாவது வெறும் டாட் ப்ராடக்ட்டப் பொறுத்தவரைக்கும் A தன்னோட இருக்கிற நெருக்கத்த விட Cகூட ரெண்டு மடங்குக்கு மேல நெருக்கமா இருக்கு. பேசுற விஷயத்த அளக்குறதுக்கு இத வச்சுக்க முடியாதுன்னு காட்ட இதுக்கு மேல ஆதாரம் வேண்டாம்.

இப்போ நீளத்தால வகுப்போம். |A| = √5, சுமார் 2.236. |B| = √(16 + 9) = 5. |C| = √(36 + 64) = 10.

A, B: 11 / (2.236 × 5) = 0.984
A, C: 12 / (2.236 × 10) = 0.537

B மேல வந்துருச்சு, நல்ல இடைவெளியோடயே வந்துருச்சு. Aவ Aகூட போட்டா 5 / 5 = 1, அது வரவேண்டிய எண்தான். Aவ அப்படியே ரெண்டு தடவ காப்பி பேஸ்ட் பண்ணி (4, 2, 0)ன்னு ஆக்குனாலும் Aகூட காஸைன் 1 தான், ஏன்னா தூரம்தான் ரெண்டு மடங்கு ஆச்சு, திசை மாறல.

போட்டுப் பாக்கணும்னா பைத்தான்ல இவ்வளவுதான்:

```python
import numpy as np

a = np.array([2, 1, 0])
b = np.array([4, 3, 0])
c = np.array([6, 0, 8])

def cos(u, v):
    return u @ v / (np.linalg.norm(u) * np.linalg.norm(v))

print(a @ b, a @ c)                              # 11 12
print(round(cos(a, b), 3), round(cos(a, c), 3))  # 0.984 0.537
```

`@`ங்கறது டாட் ப்ராடக்ட், `norm`ங்கறது நீளம்.

சுருக்கமா சொல்லணும்னா, டாட் ப்ராடக்ட்ல பெரிய டாக்குமெண்ட்டுக்கு சும்மாவே மார்க் கெடைக்குது, நீளத்தால வகுத்தா அந்த சலுகை போயிரும், எந்த வார்த்தை எந்த விகிதத்துல கலந்திருக்குங்கறது மட்டும் மிஞ்சும்.

## 0.537 சதவீதம் இல்ல

இப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த வாக்கியத்துக்கு வரலாம். 0.537 வந்தா 53.7 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு அர்த்தம் பண்ணக்கூடாது, எதுல 53.7 சதவீதம்? வார்த்தைகள்லயா, அர்த்தத்துலயா? எதுலயும் இல்ல. அது சுமார் 57.5 டிகிரி கோணத்தோட காஸைன், அவ்வளவுதான்.

கோணமும் காஸைனும் ஒரே சீரா மாறுறதும் இல்ல. காஸைன் 1ல இருந்து 0.9க்கு எறங்குனா, ஏதோ கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கோணம் அதுக்குள்ள 0ல இருந்து 26 டிகிரி கிட்ட போயிருச்சு. அதே 0.1 அளவு 0.5ல இருந்து 0.4க்கு எறங்குனா கோணம் 6 டிகிரி சொச்சம்தான் மாறும். மேல் முனையில பெரிய கோண மாற்றத்தக்கூட காஸைன் சின்னதா காட்டும். அதனால 0.98க்கும் 0.95க்கும் உள்ள வித்தியாசத்த "ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்"னு தள்ளிவிடுறது சரியில்ல, 11 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் அது.

காஸைன நம்பிக்கையா பயன்படுத்துற இடம் வரிசைப்படுத்துறது. ஒரே தேடலுக்கு, ஒரே விதமா செஞ்ச வெக்டர்கள்ல, எது முன்னாடி எது பின்னாடின்னு கேட்டா அது நல்லா பதில் சொல்லும்.

## ஒரே ஒரு வார்த்தை எல்லாத்தையும் கெடுக்கிறது

நம்ம மூணு டாக்குமெண்ட்டுக்கே திரும்பி வருவோம். மூணு வார்த்தைய மட்டும் நானே பொறுக்கி எடுத்தேன், நெஜ டாக்குமெண்ட்ல அப்படி இருக்காது. "ஒரு"ங்கற வார்த்தைய நாலாவது திசையா சேத்துப் பாருங்க. Aவுல 6 தடவ, Bல 12, Cல 30ன்னு வச்சுக்குவோம், எழுத்துல இந்த மாதிரி வார்த்தைதான் எப்பவும் அதிகம் வரும்.

A = (2, 1, 0, 6), நீளம் √41, சுமார் 6.403
B = (4, 3, 0, 12), நீளம் √169 = 13
C = (6, 0, 8, 30), நீளம் √1000, சுமார் 31.62

A·B = 11 + 72 = 83, காஸைன் 0.997
A·C = 12 + 180 = 192, காஸைன் 0.948

0.537ல இருந்த மேட்ச் கட்டுரை ஒரே தாவா 0.948க்கு வந்துருச்சு. வானிலையும் விளையாட்டும் திடீர்னு ஒண்ணாகல, மூணு அம்பும் "ஒரு"ங்கற திசைப் பக்கமா சாஞ்சுருச்சு, அதான் நடந்தது. டாட் ப்ராடக்ட்ட உடைச்சுப் பாத்தா உடனே தெரியும்: 192ல 180 அந்த ஒரு வார்த்தையில இருந்து வந்தது, மழையோட பங்கு வெறும் 12. காஸைன் சந்தேகப்படுற மாதிரி பெருசா வந்தா நான் முதல்ல செய்யச் சொல்றது இதுதான், ஒவ்வொரு ஜோடிப் பெருக்கலையும் தனித்தனியா எழுதி பெருசுல இருந்து சின்னதா அடுக்கிப் பாருங்க, யார் எண்ண ஏத்தி விட்டாங்கன்னு அங்கயே மாட்டிக்கும்.

இதுக்கு மருந்து 1972லயே வந்துருச்சு. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்னது, எல்லா டாக்குமெண்ட்லயும் வர்ற வார்த்தைக்கு எடை கம்மியா குடுங்க, அபூர்வமா வர்றதுக்கு அதிகமா குடுங்கங்கறதுதான். பின்னாடி இது ஐடிஎஃப்ங்கற பேர்ல நிலைச்சுது: மொத்த டாக்குமெண்ட் எண்ணிக்கைய அந்த வார்த்தை இருக்கிற டாக்குமெண்ட் எண்ணிக்கையால வகுத்து லாகரிதம் எடுக்கணும். 1000 டாக்குமெண்ட் இருக்குன்னா, எல்லாத்துலயும் வர்ற "ஒரு"வுக்கு log(1000/1000) = 0, அந்தத் திசையே மறைஞ்சுரும். 10 டாக்குமெண்ட்ல மட்டும் வர்ற "வெள்ளம்"க்கு log(100), பத்தடிமான லாக் எடுத்தா 2. எண்ணிக்கைய இந்த எடையால பெருக்கிட்டு அப்புறம் காஸைன் போடணும்.

எண்ணிக்கை வெக்டர்ல தமிழுக்குன்னே ஒரு தலைவலியும் இருக்கு. மழை, மழையில், மழையால், மழைக்கு எல்லாமே கம்ப்யூட்டருக்கு வேற வேற வார்த்தை, வேற வேற திசை, ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. "மழையில் நனைந்தேன்", "மழை நனைத்தது" ரெண்டையும் அப்படியே எண்ணுனா பொதுவா ஒரு வார்த்தைகூட இல்ல, டாட் ப்ராடக்ட் 0, காஸைன் 0. ஒட்டுகளப் பிரிச்சு வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவராம தமிழ் டாக்குமெண்ட்கள எண்ணிக்கை வச்சு ஒப்பிட்டா காஸைன் காரணமே இல்லாம கம்மியாதான் வரும், குத்தம் காஸைன்ல இல்ல, அதுக்குக் குடுத்த வெக்டர்ல.

## வார்த்தைக்கே வெக்டர் வந்தா

மேல பாத்ததுல ஒரு டாக்குமெண்ட்டுக்கு ஒரு வெக்டர். 2013ல வந்த வேர்ட்2வெக், 2014ல வந்த க்ளோவ் மாதிரி முறைகள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வெக்டர் குடுத்துச்சு. ஒரு வார்த்தை எந்த வார்த்தைகளுக்குப் பக்கத்துல வருதுங்கறத நெறைய எழுத்துல இருந்து கத்துக்கிட்டு, சில நூறு எண்கள் இருக்கிற வரிசையா சுருக்கி வச்சிரும். இப்படிக் கத்துக்கிட்டு வந்த வெக்டருக்கு எம்பெடிங்னு பேர். இங்க "இந்தத் திசைன்னா மழை"ன்னு ஒவ்வொரு இடத்துக்கும் பேர் சொல்ல முடியாது, எண்கள் மைனஸ்லயும் வரும். ஆனா காஸைன் போடுற விதம் அதே பெருக்கல், அதே கூட்டல், அதே வகுத்தல்.

எண்ணிக்கை வெக்டர்ல மைனஸ் எண்ணே கிடையாது, அதனால காஸைன் 0க்குக் கீழ போகவே போகாது. எம்பெடிங்ல போகலாம். இங்கதான் பெரிய கொழப்பம் ஒண்ணு வருது: "-1ன்னா எதிர் அர்த்தம், அப்போ சூடுக்கும் குளிருக்கும் மைனஸ்ல வரணும்." கணக்குல எதிர்த் திசைங்கறதும் மொழியில எதிர்ச்சொல்ங்கறதும் ஒண்ணு இல்ல. "இன்னிக்கு ரொம்ப ____ ஆ இருக்கு", "தண்ணி ____ ஆ இருக்கா" இந்த கோடிட்ட இடத்துல சூடும் பொருந்தும், குளிரும் பொருந்தும். அக்கம்பக்கத்து வார்த்தைகள வச்சு மட்டும் கத்துக்கிட்ட வெக்டர்ல இந்த ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அக்கம்பக்கம்தான், அதனால காஸைன் நல்லா உயர்ந்த ப்ளஸ்லதான் வரும். வாங்கு, வில்லு. ஏறு, எறங்கு. எல்லாம் இதே கதைதான். ரெண்டு வார்த்தை ஒரே மாதிரி இடங்கள்ல வருதான்னு கேட்டா இந்த வெக்டர்கள் சொல்லும், ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ணப் போட்டா வாக்கியத்தோட அர்த்தம் அப்படியே இருக்குமான்னு கேட்டா அதுக்கு காஸைன் பொறுப்பில்ல.

## எவ்வளவு வந்தா "அதிகம்"?

0.7க்கு மேல வந்தா ஒத்துப்போகுது, கீழ வந்தா இல்லன்னு பல பேர் ஒரு எல்லைக்கோடு போட்டு வச்சுக்குவாங்க. எல்லா மாடலுக்கும் பொதுவான அப்படி ஒரு கோடு கெடையாது.

காரணத்த ரெண்டு பக்கமா பாக்கலாம். 300 டைமென்ஷன்ல கண்டபடி எந்தத் திசையில வேணா போற ரெண்டு அம்ப எடுத்தா அதுங்க ஏறக்குறைய செங்குத்தாதான் இருக்கும், காஸைன் பூஜ்யத்தச் சுத்தி 1/√300, அதாவது 0.06 அளவுல ஆடும். ஏன்னா 300 பெருக்கல்ல பாதி ப்ளஸ், பாதி மைனஸ்னு வந்து ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். அப்படி நாலா பக்கமும் பரவிக் கெடக்கிற வெக்டர்கள்ல 0.3 வந்தாலே அது பெரிய விஷயம். ஆனா வார்த்தைக்கோ முழு வாக்கியத்துக்கோ எம்பெடிங் செய்யற பல மாடல்கள்ல வெக்டர்கள் அப்படிப் பரவி இருக்காது, எல்லாம் ஒரு பக்கமா கூம்பு மாதிரி குவிஞ்சு நிக்கும். மேல "ஒரு"ங்கற வார்த்தை மூணு டாக்குமெண்ட்டயும் தன் பக்கம் இழுத்துச்சே, கிட்டத்தட்ட அதே விளைவு. அந்த மாதிரி மாடல்ல சம்பந்தமே இல்லாத ரெண்டு வாக்கியத்துக்குக்கூட 0.6, 0.7ன்னு வரலாம்.

அதனால எல்லைக்கோட்ட அடுத்தவங்ககிட்ட இருந்து வாங்காம உங்க டேட்டாவுலயே கண்டுபிடிங்க. உங்க டாக்குமெண்ட்கள்ல இருந்து கண்ண மூடிட்டு ஆயிரம் ஜோடி எடுத்து காஸைன் போடுங்க, பெரும்பாலும் அதுங்களுக்குள்ள சம்பந்தம் இருக்காது. அந்த எண்கள் எங்க குவியுதோ அதுதான் உங்க மாடலோட "ஒண்ணும் இல்ல". அது 0.65ல குவிஞ்சா உங்களுக்கு 0.7 வந்தது ஒரு செய்தியே இல்ல, அது 0.05ல குவிஞ்சா 0.4கூட கவனிக்க வேண்டியதுதான். அப்புறம் நிச்சயமா ஒத்துப்போகும்னு உங்களுக்கே தெரிஞ்ச ஒரு 50 ஜோடிய எடுத்து அதையும் போட்டுப் பாருங்க, ரெண்டு குவியலுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ அந்த அளவுக்குத்தான் காஸைன் உங்களுக்கு வேல செய்யும், ரெண்டும் மேல மேல விழுந்து கெடந்தா கோடு எங்க போட்டாலும் பிரயோஜனம் இல்ல, வெக்டரத்தான் மாத்தணும்.

## கணக்கு போடும்போது மாட்டிக்கிற இடங்கள்

லட்சக்கணக்கான வெக்டர் இருந்தா ஒவ்வொரு தடவையும் நீளத்தால வகுக்க மாட்டாங்க. முதல்லயே ஒவ்வொரு வெக்டரையும் அதோட நீளத்தால வகுத்து நீளம் 1 ஆக்கி வச்சிருவாங்க, இதுக்கு நார்மலைஸ் பண்றதுன்னு பேர். B (4, 3, 0)ங்கறது (0.8, 0.6, 0) ஆயிரும். அதுக்கப்புறம் டாட் ப்ராடக்ட்டும் காஸைனும் ஒண்ணுதான், வகுக்க ஒண்ணும் இல்ல. மேல எழுதுன தூரத்தோட சமன்பாட்டுல நீளம் ரெண்டுக்கும் 1 போட்டுப் பாத்தா தூரத்தோட வர்க்கம் 2 − 2 cos θன்னு வரும், அதாவது நார்மலைஸ் பண்ணதுக்கு அப்புறம் தூரம் வச்சுத் தேடுனாலும் காஸைன் வச்சுத் தேடுனாலும் அதே வரிசைதான் கெடைக்கும். ஒரு வெக்டர் டேட்டாபேஸ்ல காஸைன், டாட் ப்ராடக்ட், தூரம்னு மூணு ஆப்ஷன் காட்டி ஒண்ணத் தேர்ந்தெடுக்கச் சொன்னா பயப்பட வேண்டாம், நார்மலைஸ் பண்ணிட்டீங்கன்னா மூணும் ஒரே வரிசையத்தான் குடுக்கும். பண்ணாம டாட் ப்ராடக்ட்ட தேர்ந்தெடுத்தா மட்டும் நம்ம C ஜெயிச்ச கதை திரும்ப நடக்கும்.

காலியா இருக்கிற டாக்குமெண்ட், இல்ல உங்க வார்த்தைப் பட்டியல்ல ஒண்ணுகூட இல்லாத டாக்குமெண்ட், (0, 0, 0) ஆயிரும். அதுக்கு நீளம் 0, பூஜ்யத்தால வகுக்க முடியாது, நம்பைல `nan`, அதாவது "எண்ணே இல்ல"ன்னு வரும். அந்த `nan` சத்தமில்லாம உள்ள புகுந்து வரிசைப்படுத்துறதக் கொழப்பி விட்டுரும். ஒரு எடத்துலயே நிக்கிற ஆளப் பாத்து "எந்தப் பக்கம் போறார்"னு கேக்கிற மாதிரி அது, கேள்விக்கே பதில் கெடையாது, அதனால அப்படிப்பட்ட டாக்குமெண்ட்கள முன்னாடியே பிரிச்சு ஒதுக்கிருங்க.

இன்னொண்ணு, பைத்தானோட இன்னொரு கணக்கு லைப்ரரியான சைபைல இருக்கிற `scipy.spatial.distance.cosine` காஸைன் சிமிலாரிட்டியக் குடுக்காது, 1ல இருந்து காஸைனக் கழிச்சுக் குடுக்கும். அதுல நம்ம A, Bக்கு 0.016னு வரும், A, Cக்கு 0.463ன்னு வரும், சின்ன எண்தான் நெருக்கம். இத சிமிலாரிட்டின்னு நெனச்சு பெருசுல இருந்து சின்னதா அடுக்குனா பட்டியல் தலைகீழா வரும், சம்பந்தமே இல்லாததெல்லாம் முதல்ல வந்து நிக்கும். எந்த லைப்ரரிய எடுத்தாலும் முதல் வேலையா ஒரு வெக்டர அதோட கூடவே குடுத்துப் பாருங்க, 1 வந்தா சிமிலாரிட்டி, 0 வந்தா தூரம்.